நாலு பில், ஒரு காசு: எதில் எவ்வளவு கழித்தோம் என்று கடைக்காரருக்கு எப்படிச் சொல்வது?

புதுப்பேரேடு (ஹட்டன்)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடையில் கணக்கு வேலை பார்க்கிறேன், சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. மஸ்கெலியா பக்கம் ஒரு கடைக்காரர் எங்களிடம் முப்பது நாள் கடனுக்குச் சாமான் எடுக்கிறார். அவர் பெயரில் நாலு பில் திறந்து கிடந்தது.

412, ஜனவரி 4, ரூ. 86,500
431, ஜனவரி 19, ரூ. 124,000
458, பெப்ரவரி 7, ரூ. 58,750
470, பெப்ரவரி 22, ரூ. 97,300

மொத்தம் 366,550. மார்ச் 9ஆம் திகதி அவர் பேங்க் வழியாக 242,500 போட்டுவிட்டார். ரெபரன்ஸில் PAYMENT என்று மட்டும்தான் இருந்தது, எந்த பில்லுக்கு என்று ஒன்றும் இல்லை. எங்கள் சிஸ்டம் தானாகவே பழைய பில்லில் இருந்து கழித்துக்கொண்டு வரும். 412 முழுசாக அடைந்தது, 431 முழுசாக அடைந்தது, மிச்சம் 32,000 458இல் போனது. ஆக 458இல் 26,750 பாக்கி, 470 அப்படியே பாக்கி. நான் "ரூ. 242,500 கணக்கில் வரவு வைக்கப்பட்டது, நன்றி" என்று ரிசீட் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, 458இல் 26,750 தவணை கடந்துவிட்டது என்று சிஸ்டம் நினைவூட்டல் போட்டது, அதையும் அனுப்பினேன்.

அன்று மத்தியானமே போன். மனுஷன் கத்திய கத்தலில் காதே அடைத்துவிட்டது. "458 நான் கட்டியாச்சு, பழுதான சீமெந்துக்கு என் காசை எடுத்துக்கிட்டு நல்ல சாமானுக்குக் கடன் கேக்குறீங்களா" என்கிறார். நான், ஐயா, எப்படிக் கழித்தாலும் நீங்கள் தர வேண்டிய மொத்தம் ஒன்றுதானே என்றேன். அதற்கு இன்னும் கோபம் கூடிப்போனது. முதலாளி சமாதானப்படுத்தி ஒரு செய்தி அனுப்பச் சொல்கிறார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மொத்தம் மாறவே இல்லையே, பிறகு எதற்கு இந்தக் கோபம்?

நானுஓயாப் பையன்

தங்கச்சி, நீங்கள் செய்தது சரிதான். எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் காசு வந்தால் பழைய பில்லுக்குத்தான் கழிக்க வேண்டும், அதுதான் சட்டம். அவருக்கு அதையே எழுதி அனுப்புங்கள். நாங்கள் படிக்கும்போது 1816ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த கிளேட்டன் வழக்கு என்று ஒன்று சொல்லித் தந்தார்கள், முதலில் ஏறிய கடன் முதலில் இறங்கும் என்று. அவர் சத்தம் போட ஒரு நியாயமும் இல்லை.

பழைய கணக்கர் (கண்டி)

தம்பி சொன்னது பாதி சரி, மிச்சப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் தங்கச்சி ஒரு வேலை செய்யுங்கள். வந்த காசைப் பார்க்காதீர்கள், மீதியைப் பாருங்கள். 366,550இல் 242,500 போனால் 124,050. உங்கள் நாலு பில்லையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். 431 எவ்வளவு? 124,000.

412ஐயும் 458ஐயும் 470ஐயும் கூட்டிப் பாருங்கள், 242,550 வரும். அவர் ஐம்பது ரூபாயை விட்டு நேராக்கி 242,500 போட்டிருக்கிறார். அதாவது ஒரு பில்லைத் தவிர மற்ற மூன்றையும் கட்டிவிட்டார். அந்த ஒன்று எது என்றும் அவரே போனில் சொல்லிவிட்டாரே, பழுதான சீமெந்து என்று. 431இல் சீமெந்து இருந்ததா?

முப்பத்தொரு வருடம் கடன் கணக்குப் பார்த்தவன் நான். பாதிக் காசு வந்தால் கழிப்பதற்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை இதுதான். மீதி ஏதாவது ஒரு பில்லோடு பொருந்துகிறதா, இரண்டு பில்லின் கூட்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பேன். பொருந்தினால் அவர் எழுத்தில் சொல்லாவிட்டாலும் தொகையில் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். நூறு இருநூறு வித்தியாசத்தை விட்டுத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் காசை நேராக்கிப் போடுவார்கள். 250,000, 200,000 என்று மொட்டையாக வந்தால் அது வேறு கதை, அதில் தேட ஒன்றும் இருக்காது. ஆனால் 242,500 என்ற தொகையை யாரும் சும்மா போட மாட்டார்கள்.

புதுப்பேரேடு

ஐயா, 431இல் நாற்பது பை சீமெந்து இருக்கிறது, மிச்சம் கம்பியும் பெயின்டும். இப்போதுதான் டெலிவரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பேனாவால் "14 பேக் கட்டி" என்று எழுதிக் கையெழுத்து இருக்கிறது. அது பைலில் போட்டபடியே கிடந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜனவரி 19 அன்று நோர்ட்டன் பாதையில் நல்ல மழை, லொறியின் பின்பக்கத் தறப்பாள் சரியாகக் கட்டப்படவில்லையாம், டிரைவர் இப்போது சொல்கிறார்.

லிந்துலை ஆட்டோ

எனக்கும் இதே கதைதான். ஆட்டோ லீசிங் தவணைக்கு 25,000 கட்டினேன், முழுத் தவணையை விடக் கொஞ்சம்தான் குறைவு. அடுத்த மாதம் பார்த்தால் போன தவணையில் பாதிக்கு மேல் அப்படியே பாக்கி. கேட்டால் பிந்திய வட்டிக்கு முதலில் எடுத்துவிட்டோம் என்கிறார்கள். அப்போது நான் இன்ன தவணைக்கு என்று சொல்லிக் கட்டியிருந்தால் வட்டிக்கு எடுத்திருக்க மாட்டார்களா?

பழைய கணக்கர் (கண்டி)

லிந்துலைத் தம்பி, உங்கள் விஷயம் கொஞ்சம் வேறு. லீசிங் ஒப்பந்தத்தில் காசு எந்த வரிசையில் கழியும் என்று ஒரு பந்தி இருக்கும். பொதுவாக முதலில் பிந்திய வட்டி, செலவு, பிறகுதான் தவணை. நீங்கள் அதில் கையெழுத்து வைத்தபிறகு, கட்டும்போது வாயால் சொல்வது பெரிதாக உதவாது. ஆனால் 25,000இல் வட்டிக்கு எவ்வளவு போனது, தவணைக்கு எவ்வளவு போனது என்று தாளில் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், அதைக் கேட்பதில் தவறே இல்லை. கடைக் கணக்கில் அப்படி ஒப்பந்தம் இருப்பது குறைவு, அதனால்தான் அங்கே யார் என்ன சொன்னார் என்பது முக்கியமாகிறது.

இப்போது நானுஓயாத் தம்பிக்கு. காசு தருபவர் தரும்போதே இன்ன கடனுக்கு என்று சொன்னால் அதுதான், வாங்குபவர் அதை மாற்ற முடியாது. அவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் முடிவு செய்யலாம். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்து ஓடுகிற கணக்காக இருந்தால்தான் கிளேட்டன் வழக்கு, பழையது முதலில் என்ற பேச்சு எல்லாம். அதுவும் ஒரு அனுமானம்தான், வேறு எண்ணம் இருந்தது என்று காட்டினால் அது நிற்காது. பழைய பில்லுக்குப் போடுவது சிஸ்டத்தின் பழக்கம் தம்பி, கடைக்காரரின் கையைக் கட்டிப்போடும் சட்டம் இல்லை.

தங்கச்சி கேட்டார், மொத்தம் ஒன்றுதானே, எதற்குக் கோபம் என்று. சும்மா கோபப்படவில்லை அவர். 431ஐக் கட்டாமல் வைத்திருப்பதுதான் அந்தப் பதினாலு பைக்கு அவர் கையில் இருக்கும் ஒரே பிடி. நீங்கள் அதை "முழுசாகக் கட்டியாச்சு" என்று குறித்துவிட்டீர்கள். நாளைக்கு அவர் சீமெந்தைப் பற்றிக் கேட்டால், ஏன் ஐயா, அந்த பில்லைக் கட்டிவிட்டீர்களே, பிறகு என்ன குறை என்று உங்கள் ஆட்களே கேட்பார்கள். அதோடு, ஒழுங்காகக் கட்டிய 458க்கு கடன்காரன் என்று நினைவூட்டல் போயிருக்கிறது. 458இன் முப்பது நாள் எப்போது முடிகிறது என்று பாருங்கள். மார்ச் 9. அவர் காசு போட்ட அதே நாள்.

ஊவாக்காற்று (பதுளை)

நான் மொத்தக் கடை நடத்துகிறவன், மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். பதினாலு பையைச் சாட்டி 124,000 முழுவதையும் நிறுத்தி வைப்பது நியாயமா? நாற்பது பையில் இருபத்தாறு நல்லது. கம்பிக்கும் பெயின்டுக்கும் என்ன குறை? இப்படி ஒரு பையைக் காட்டி ஒரு லொறிக் காசை நிறுத்துகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு இடம் கொடுத்தால் அடுத்த மாதம் பத்துப் பேர் அதையே செய்வார்கள். பழைய பில்லில் கழித்தது சரிதான், சீமெந்துக்குத் தனியாகக் கிரெடிட் நோட் போட்டுக் கொடுத்து விஷயத்தை முடியுங்கள்.

பழைய கணக்கர் (கண்டி)

குறை பதினாலு பைக்குத்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதை அவரிடம் நேராகவே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்காக அவர் வேறு பில்லுக்குத் தந்த காசை இதில் போடுவது வழி இல்லை. 431 திறந்தே இருக்கட்டும், அதில் குறையான பகுதியைக் கழித்து மிச்சத்தைக் கேளுங்கள்.

ஊவாக்காற்று (பதுளை)

அவர்தான் எந்த பில்லுக்கு என்று சொல்லவில்லையே ஐயா. தொகை பொருந்துகிறது என்பது நம் ஊகம். ஐம்பது ரூபா வேறு இடிக்கிறது. சொல்லாதவரின் மனதில் இருப்பதை நாம் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

பண்டாரவளை அக்கா

சொல்லவில்லை என்று உறுதியாகத் தெரியுமா? எங்கள் கடைக்காரர்கள் யாரும் ஆபிஸுக்குச் சொல்வதில்லை, சேல்ஸ்மேனிடம்தான் சொல்வார்கள். அவர்களுக்கு நிறுவனம் என்றால் சேல்ஸ்மேன்தான். தங்கச்சி, அந்த ரூட்டுக்குப் போகிறவரைப் பிடித்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான் பட்ட பாடு அது. போன வருடம் ஒருவர் மூன்று பில்லுக்குச் சேர்த்து இரண்டு வாரம் தள்ளித் திகதி போட்ட செக் ஒன்று தந்தார். நான் அன்றைக்கே மூன்று பில்லிலும் கழித்து "செட்டில்" என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். செக் திரும்பி வந்துவிட்டது. பிறகு மூன்று பில்லையும் திறந்து திரும்பக் காசு கேட்டபோது, நீங்கள்தானே செட்டில் என்று எழுதினீர்கள் என்று என் மெசேஜையே எனக்குக் காட்டினார். அன்றிலிருந்து செக் என்றால் "இந்த செக் பேங்கில் மாறியதும் கீழே உள்ளபடி கழிக்கப்படும்" என்றுதான் எழுதுவேன், மாறிய பிறகு இன்னொரு வரி அனுப்புவேன். உங்களுடையது பேங்க் காசு, அந்தப் பயம் இல்லை.

புதுப்பேரேடு

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. சேல்ஸ்மேன் அண்ணனிடம் கேட்டேன். "ஆமா, சீமெந்து பில்லை மட்டும் விட்டுட்டு மத்ததைப் போட்டுட்டேன்னு சொன்னார், நான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்கிறார். காசு போட்ட அன்று காலையிலேயே சொன்னாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அந்த மனுஷனிடம் போனில் நான் பேசியதை நினைத்தால்.

ஊவாக்காற்று (பதுளை)

சேல்ஸ்மேனிடம் சொல்லியிருந்தால் சரி, நிறுவனத்திடம் சொன்ன மாதிரித்தான். அப்போது மாற்றிப் போடத்தான் வேண்டும். ஆனால் சொல்லாத இடத்தில் தொகையைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆறேழு பில் திறந்து கிடந்தால் எதையாவது எதோடாவது கூட்டினால் ஏதோ ஒன்று பொருந்தத்தான் செய்யும்.

பழைய கணக்கர் (கண்டி)

அதில் உண்மை இருக்கிறது. பில் கூடக் கூடத் தற்செயலாகப் பொருந்துவதும் கூடும். அதனால்தான் பொருந்துகிறது என்று கண்டவுடன் கழித்துவிடக் கூடாது, ஒரு போன் எடுத்துக் கேட்க வேண்டும். தொகை காட்டுவது எதைக் கேட்பது என்பதைத்தான்.

தங்கச்சி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் சிஸ்டத்தில் அந்த ரிசீட்டை அழிக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் தவறு அது. ரிசீட்டை அழித்துத் திரும்பப் போட்டால் இலக்கம் மாறும், திகதி மாறும், பேங்க் கணக்கோடு பார்க்கும்போது இடிக்கும். காசு மார்ச் 9ஆம் திகதி வந்தது, அது அப்படியே இருக்கட்டும். கழித்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு அதே ரிசீட்டை 412க்கும் 458க்கும் 470க்கும் திரும்பக் கழியுங்கள். 412இல் 86,500, 458இல் 58,750, மிச்சம் 97,250 470இல் போகும். 470இல் ஐம்பது ரூபா நிற்கும். மொத்தம் 124,050, முன்னைப் போலவே.

நானுஓயாப் பையன்

அந்த ஐம்பது ரூபாயை 431இல் சேர்த்துவிடலாமே? அப்போது மூன்று பில்லும் சுத்தமாக மூடிவிடும்.

பழைய கணக்கர் (கண்டி)

வேண்டாம் தம்பி. 431 ஏற்கனவே தகராறில் இருக்கும் பில், அதன் தொகை அவருக்கும் நமக்கும் ஒரே இலக்கமாக 124,000 என்றே இருக்க வேண்டும். அதில் ஐம்பதை ஏற்றினால் அவர் கையில் இருக்கும் பில்லோடு நம் கணக்கு பொருந்தாது. ஐம்பது அது வந்த இடத்திலேயே, கடைசி பில்லில் நிற்கட்டும். முதலாளி தள்ளிவிடச் சொன்னால் தள்ளிவிடலாம்.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்கக் கூடாது. இப்படி மாற்றினால் அவருக்கு ஒரு பாதகமும் உண்டு. முன்பு தவணை கடந்தது 26,750 மட்டும்தான், அதுவும் மூன்று நாள். இப்போது 431இன் 124,000 பெப்ரவரி 18இலிருந்து தவணை கடந்து நிற்கும். சிஸ்டம் பழைய பாக்கி என்று அவருடைய புது ஓடரை நிறுத்திவிடப் பார்க்கும். ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டுக்குள் வீடு திருத்துகிறவர்கள் வருவார்கள், அவருக்கு இப்போதுதான் சாமான் தேவை. ஆகவே 431 தகராறில் உள்ளது என்று சிஸ்டத்தில் குறித்து, அதனால் அவர் ஓடர் நிற்காதபடி முதலாளியிடம் கேட்டு வையுங்கள், பிறகு அவருக்கு எழுதுங்கள்.

புதுப்பேரேடு

முதலாளியிடம் கேட்டேன். ஓடரை நிறுத்த வேண்டாம் என்றார். பதினாலு பைக்குக் கிரெடிட் நோட் தரவும் சம்மதித்துவிட்டார், டெலிவரி நோட்டில் கையெழுத்து இருப்பதால். ஒரு பை 2,150 போட்டு 30,100 வருகிறது. ஐம்பது ரூபாயைப் பற்றி, அது கிடக்கட்டும் என்றார். ஆனால் ஒன்று கேட்டார், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. 431இல் இப்போது ஒரு சதமும் கட்டப்படவில்லை என்று ஆகிவிட்டதே, பிறகு கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் காலம் போய்விடாதா என்கிறார்.

பழைய கணக்கர் (கண்டி)

முதலாளி சரியாகத்தான் கேட்கிறார். கடையில் விற்றுக் கொடுத்த சாமானின் காசுக்கு 1871ஆம் ஆண்டின் பிரெஸ்க்ரிப்ஷன் ஓர்டினன்ஸ்படி ஒரு வருடம்தான் காலம், அது பலருக்குத் தெரியாது. எழுதிக் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம், வெறும் பில் கடனுக்கு ஒன்று. பாதிக் காசு கட்டினாலும், கடனை எழுத்தில் ஒத்துக்கொண்டாலும் அந்தக் காலம் திரும்பப் புதிதாக ஓடத் தொடங்கும். அதனால் எந்த பில்லில் கழித்தோம் என்பது அங்கேயும் கேள்வியாக வரும்.

ஊவாக்காற்று (பதுளை)

தொடர்ந்து ஓடும் கணக்கு என்றால் ஒரு பில்லுக்குக் கட்டியது முழுக் கணக்குக்கும் உயிர் கொடுக்கும் என்று என் லாயர் சொன்னார்.

பழைய கணக்கர் (கண்டி)

அதற்கு எதிராகவும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பில்லும் தனிக் கடனா, முழுவதும் ஒரே கணக்கா என்பது நீங்கள் எப்படி வியாபாரம் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கச்சியின் கேஸில் மார்ச் மாதம்தான் நடக்கிறது, அதோடு கடைக்காரரே 431இன் மிச்சத்தைத் தருகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் முதலாளியின் பயம் தீர்ந்தது. அந்த வரி உங்கள் செய்திக்கு அவர் தரும் பதிலாகவே வரலாம். அதனால் செய்தியை ஒழுங்காக எழுதுங்கள்.

புதுப்பேரேடு

இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"அன்புள்ள ஐயா, தாங்கள் செலுத்திய தொகை தொடர்பாக எமது முறைமையில் ஏற்பட்ட தவறான பகிர்வு திருத்தியமைக்கப்பட்டுள்ளது என்பதை அறியத்தருகிறோம். தங்களது நிலுவை ரூ. 124,050 ஆகும். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

பண்டாரவளை அக்கா

தங்கச்சி, கோபிக்க வேண்டாம், இதை வாசித்தால் அவருக்கு இன்னும் கோபம் வரும். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, என் 458 கட்டியாச்சா இல்லையா என்று. அந்த 458 உங்கள் செய்தியில் எங்கேயும் இல்லை. சீமெந்தும் இல்லை. 124,050 என்ற இலக்கத்தை மட்டும் பார்த்தால், அதே காசைத்தான் திரும்பக் கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

கடைக்காரர் மெசேஜை லாச்சிக்குள் இருக்கும் பில் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு வாசிப்பார். ஒவ்வொரு பில்லாகக் கையில் எடுத்து, இது சரி, இது சரி என்று பேனாவால் கீறிக்கொண்டு போக அவருக்கு வசதியாக இருக்க வேண்டும். அவர் கடையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

பழைய கணக்கர் (கண்டி)

அக்கா சொன்னதற்கு மேல் இரண்டே விஷயம். முன்னால் அனுப்பிய ரிசீட்டும் நினைவூட்டலும் இனிச் செல்லாது என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் மூன்று தாளையும் வைத்துக்கொண்டு எது சரி என்று தடுமாறுவார். "முறைமையில் ஏற்பட்ட" என்று சிஸ்டத்தின் மேல் போடாதீர்கள். அவர் சொன்னார், அது உங்களுக்கு வந்து சேரவில்லை, அதை அப்படியே எழுதுங்கள்.

மொத்த மீதியைக் கடைசியில் போடுங்கள். முதலில் வந்த காசு, பிறகு பில் பில்லாக, பிறகு சீமெந்து, அப்புறம்தான் மீதி. மீதியை முதலில் போட்டால் அதற்குக் கீழே ஒன்றும் வாசிக்க மாட்டார்.

புதுப்பேரேடு

சரி, திரும்ப எழுதினேன்.

"ஐயா, வணக்கம். மார்ச் 9ஆம் திகதி நீங்கள் பேங்கில் போட்ட ரூ. 242,500 கிடைத்தது. சீமெந்து பில்லைத் தவிர மற்றவற்றுக்கு என்று எங்கள் சேல்ஸ்மேனிடம் நீங்கள் சொன்னது என்னிடம் வந்து சேரவில்லை, அதனால் தவறாகக் கழித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். இப்போது நீங்கள் சொன்னபடியே மாற்றியிருக்கிறேன்.

பில் 412: ரூ. 86,500, முழுவதும் கட்டியாச்சு.
பில் 458: ரூ. 58,750, முழுவதும் கட்டியாச்சு.
பில் 470: ரூ. 97,300இல் 97,250 கட்டியாச்சு. மிச்சம் 50, அடுத்த முறை சேர்த்துத் தந்தால் போதும்.
பில் 431: ரூ. 124,000. இந்தக் காசில் இதற்கு ஒன்றும் கழிக்கவில்லை.

431இல் கட்டி தட்டிய 14 பை சீமெந்துக்கு ரூ. 30,100 கிரெடிட் நோட் தருகிறோம். அதைக் கழித்தால் 431இல் ரூ. 93,900 வருகிறது. இதற்கான முப்பது நாள் பெப்ரவரி 18இல் முடிந்துவிட்டது, ஆனாலும் இதற்காக உங்கள் புது ஓடரை நிறுத்தவில்லை. இந்த 93,900ஐ எப்போது தர முடியும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

ஆக இப்போது மொத்த மீதி ரூ. 93,950. முன்பு நான் அனுப்பிய ரிசீட்டையும் 458க்கு வந்த நினைவூட்டலையும் விட்டுவிடுங்கள், அவை இனிச் செல்லாது. உங்கள் கணக்கில் வேறு மாதிரி இருந்தால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், பார்த்துத் திருத்தலாம்."

பண்டாரவளை அக்கா

இதுதான் சரி. இப்படியே அனுப்புங்கள். கிரெடிட் நோட்டையும் படம் எடுத்துக் கூடவே போட்டுவிடுங்கள், வெறும் வாயால் சொல்வதாக நினைக்கக் கூடாது.

ஊவாக்காற்று (பதுளை)

நன்றாக இருக்கிறது. 93,900க்கு நானாக இருந்தால் திகதியை நானே போட்டிருப்பேன். எப்போது தர முடியும் என்று கேட்டால் புத்தாண்டு முடியட்டும் என்பார்.

புதுப்பேரேடு

அனுப்பிவிட்டேன். ஒரு மணித்தியாலம் பதிலே இல்லை, நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது. பிறகு அவருடைய பில் கட்டை மேசையில் விரித்து எடுத்த ஒரு படம் வந்தது. மூன்று பில்லில் சிவப்புப் பேனாக் கோடு. 431இன் மேல் 30,100 என்று எழுதிக் கழித்து, கீழே 93,900 என்று போட்டு வட்டம் போட்டிருக்கிறார். அதோடு ஒரு வரி: "சரி மகள், கணக்கு சரி. 93,900 மார்ச் 28 தாறேன். சீமெந்து 25 பேக் அனுப்புங்க, தறப்பாள் நல்லா கட்டி."

அந்த மெசேஜை முதலாளிக்கும் அனுப்பி, பிரின்ட் எடுத்து 431இன் பைலில் போட்டுவிட்டேன்.

நானுஓயாப் பையன்

தங்கச்சி, சேல்ஸ்மேன் கமிஷன் எப்படி? எங்கள் இடத்தில் முப்பது நாளுக்குள் வந்த பில்லுக்குத்தான் கமிஷன். இப்போது மாற்றிக் கழித்ததில் 458உம் 470உம் தவணைக்குள் வந்துவிட்டது, முன்பு அப்படி இல்லை. அவர் மறந்ததால் வந்த குழப்பத்தில் அவருக்கே கூடுதலாகக் கிடைக்கிறதா?

புதுப்பேரேடு

எங்களிடமும் அப்படித்தான் அண்ணே. காசு தவணைக்குள் வந்தது உண்மைதானே, அதனால் கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் 470இல் ஐம்பது ரூபா நிற்பதால் அது முடிந்த பில்லா இல்லையா என்று சிஸ்டம் கேட்கிறது. நாளைக்கு முதலாளியிடம்தான் கேட்க வேண்டும்.